வெரிகோஸ் சாக்ஸ் வாங்கும் முன்: அழுத்தம், அளவு, துணி பார்க்கும் முறை

கால் வலி, கால் வீக்கம் என்று சர்ஜிக்கல் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு பொருள். ஒன்று முழங்காலுக்குப் போடும் நீ கேப், இன்னொன்று வெரிகோஸ் சாக்ஸ். கடைக்காரரும் ‘என்ன சைஸ்?’ என்று மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் போட்டுவிட்டு, இறுக்குகிறது, வழுக்கி இறங்குகிறது, அரிக்கிறது என்று பீரோவில் போட்டுவிடுவார்கள். அளவெடுத்துக் கொடுக்கிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: பல நேரம் சாக்ஸ் மேல் குற்றமில்லை, வாங்கிய விதத்தில்தான் கோளாறு. இந்தக் கட்டுரையில் சாக்ஸைத்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம். நீ கேப் பற்றித் தேவையான அளவு மட்டும் முதலில்.

முழங்காலா, நரம்பா?

படி ஏறி இறங்கும்போது வலி, சம்மணம் போட்டு எழும்போது பிடிப்பு, காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு. இவை முழங்கால் மூட்டின் தொந்தரவு. மாலையில் கால் கனப்பது, செருப்பு வார் பதிந்த தடம் மறையாமல் இருப்பது, கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு தெரிவது, கணுக்காலைச் சுற்றி அரிப்பது, காலை உயர்த்தி வைத்தால் சுகமாக இருப்பது. இவை சிரைகளின் தொந்தரவு. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று நாம் சொல்வது உண்மையில் நரம்பை அல்ல, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் சிரையை.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். குழப்பம் அங்கேதான் வரும். கால் முழுக்க வலிக்கிறது என்று இறுக்கமான நீ கேப் ஒன்றை வாங்கிப் போட்டால், முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே தேங்கி நிற்கிற ரத்தம் மேலே ஏற இன்னும் சிரமப்படும். மாலையில் நீ கேப்புக்குக் கீழே கால் உப்பி நின்றால் அந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

மூட்டுதான் பிரச்சினை என்றால் தேர்வு அவ்வளவு கடினமில்லை. லேசான வலிக்கும் நடக்கும்போது ஒரு பிடிமானத்துக்கும் சாதாரணத் துணி நீ கேப் போதும். முழங்கால் சில்லைச் சுற்றி வலி என்றால் சில்லு இருக்கும் இடத்தில் ஓட்டை வைத்த வகை. கீழே விழுந்து தசைநார் அடிபட்டு, கால் மடங்கிக்கொள்கிறது என்றால் இருபுறமும் கீல் வைத்த பிரேஸ். அதை எலும்பு மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாங்க வேண்டும். அளவெடுக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில பெட்டிகள் சில்லின் நடுச் சுற்றளவைக் கேட்கும், சில பெட்டிகள் அதற்கு மேலே தொடையில் குறிப்பிட்ட உயரத்தில் கேட்கும். பெட்டிப் படத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுற்றாதீர்கள். நியோபிரீன் என்கிற தடித்த ரப்பர் வகை சூட்டைப் பிடித்து வைக்கும். குளிர்ப் பிரதேசத்தில் அது சுகம், நம்மூர் மே மாதத்தில் வியர்க்குரு.

சரி, இனி சாக்ஸ்.

முதல் படி: உங்கள் காலை இறுக்கலாமா?

இதைத் தாண்டிவிட்டு சைஸ் பார்க்கப் போகக்கூடாது. வெரிகோஸ் சாக்ஸ் காலை வெளியிலிருந்து அழுத்தி, விரிந்துபோன சிரைகளைச் சுருக்கி, ரத்தம் மேலே ஏற உதவுகிறது. ஆனால் அதே காலுக்கு ரத்தம் கொண்டுவருகிற தமனி ஏற்கெனவே அடைபட்டிருந்தால், அந்த அழுத்தம் வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். விரல் கறுத்துப் போகும் அளவுக்கு ஆபத்து இது.

தமனி அடைப்பை எப்படிச் சந்தேகிப்பது? கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். பாதம் சில்லென்று இருக்கும். ராத்திரி படுத்தால் பாதம் வலிக்கும், கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் குறையும். சிரைத் தொந்தரவில் நடப்பது இதற்கு நேர் எதிர், அங்கே காலை உயர்த்தினால்தான் சுகம். விரல் நுனியில் ஆறாத புண் இருந்தால் கேட்கவே வேண்டாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் சர்க்கரைக்காரர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய பரிசோதனை உண்டு. கணுக்காலில் பி.பி. பார்த்து, கையில் பார்த்த பி.பி.யால் வகுப்பது. கையில் 140, கணுக்காலில் 126 என்றால் விடை 0.9. இந்த எண் 0.8க்குக் கீழே போனால் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் சாக்ஸ் போடக்கூடாது. 0.5க்குக் கீழே என்றால் இறுக்கும் பேச்சே கிடையாது. சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு சிக்கல்: தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால், அடைப்பு இருந்தாலும் எண் நன்றாகவே வரும். 1.3க்கு மேல் வந்தால் நல்ல ரத்த ஓட்டம் என்று மகிழாமல், கால் விரலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சாக்ஸ் உறுத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

அடுத்து, வீக்கம் எதனால் வந்தது? இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு என்று எதுவும் காரணமாக இருக்கலாம். பி.பி.க்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். அப்படி வந்த வீக்கத்துக்குச் சாக்ஸ் வாங்குவதைவிட, மாத்திரையை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்பது புத்திசாலித்தனம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்குக் கடைக்கு வராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

இரண்டாவது படி: எவ்வளவு அழுத்தம்?

பெட்டி மேல் ‘கிளாஸ் 1’, ‘கிளாஸ் 2’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்கினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் நாட்டுக்கு நாடு அதன் அர்த்தம் வேறு. ஜெர்மன் முறையில் கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32 மில்லிமீட்டர் மெர்க்குரி வரை அழுத்தம். பிரிட்டிஷ் முறையில் அதே கிளாஸ் 2 என்பது 18 முதல் 24. பிரெஞ்சு முறையில் 15 முதல் 20 மட்டுமே. மருத்துவர் சீட்டில் ‘கிளாஸ் 2’ என்று எழுதி, கடையில் வேறு நாட்டு முறைப்படி தயாரானதைக் கொடுத்தால் அழுத்தம் வெகுவாக மாறிவிடும். அதனால் கிளாஸை விட்டுவிட்டு, பெட்டியின் ஓரத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் மெர்க்குரி எண்ணைப் பாருங்கள். பி.பி. அளக்கிற அதே அளவுதான். அந்த எண்ணே இல்லாத பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அந்த எண் கணுக்காலில் கிடைக்கும் அழுத்தத்தைக் குறிக்கிறது. அங்கிருந்து மேலே போகப் போகக் குறைய வேண்டும், அப்போதுதான் ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படும்.

நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கால் கனப்பு, மெல்லிய சிலந்திக் கோடுகள், நீண்ட பேருந்து அல்லது விமானப் பயணம் என்றால் 15 முதல் 20 வரை போதும். சிரை புடைத்துத் தெரிகிறது, மாலையில் தினமும் வீங்குகிறது என்றால் 20 முதல் 30 வரை உள்ளது, அல்லது ஜெர்மன் முறையில் 23 முதல் 32. கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துவிட்டது, முன்பு புண் வந்து ஆறியிருக்கிறது என்றால் 30க்கு மேல் தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புண் திறந்திருக்கும்போது கடைச் சாக்ஸ் வேண்டாம், அதற்குப் பல அடுக்குக் கட்டு போடுவார்கள். கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம்.

அதிக அழுத்தம் அதிகப் பலன் என்று நினைத்து 30, 40 வாங்குகிறவர்கள் உண்டு. போடவே முடியாமல் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். தினமும் போடுகிற 20, பீரோவில் கிடக்கிற 40ஐவிட மேல்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த வெள்ளை நிறச் சாக்ஸை வீட்டில் வைத்துக்கொண்டு, அதையே போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது படுக்கையில் கிடப்பவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கச் செய்தது, அழுத்தம் குறைவு. எழுந்து நடமாடுகிறவரின் புடைத்த சிரைக்கு அது போதாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்ஸ் போட்டால் வெரிகோஸ் குணமாகாது. போட்டிருக்கும் நேரத்துக்கு வீக்கமும் கனப்பும் குறையும், கழற்றினால் பழைய கதைதான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதல், லேசர் போன்ற சிகிச்சை செய்ய முடிகிறவர்களுக்கு அதற்குப் பதிலாகச் சாக்ஸைக் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்றே சொல்கிறது. சிரை நன்றாகப் புடைத்திருந்தால் சிரையில் ரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒருமுறை பார்த்து, சிகிச்சை தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது படி: அளவெடுப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். டெய்லர் டேப் ஒன்று, பேனா, காகிதம் போதும். நேரம் காலை, படுக்கையிலிருந்து எழுந்த அரை மணி நேரத்துக்குள். கால் வீங்குவதற்கு முந்தைய அளவுதான் உண்மையான அளவு.

பாதம் தரையில் பதிய நில்லுங்கள். முடியாதவர்கள் நாற்காலியில் முழங்காலைச் செங்கோணமாக மடக்கி உட்காரலாம். கணுக்கால் எலும்பின் முண்டுக்குச் சற்று மேலே, கால் மிகவும் ஒல்லியாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றி எழுதுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக்கூடாது. அடுத்து கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம். டேப்பை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் எது பெரிது என்று தெரிந்துவிடும். மூன்றாவது நீளம்: தரையிலிருந்து, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே வரை. தொடை வரை போடுகிறவர்கள் தொடையின் மேல்பகுதிச் சுற்றளவும், தரையிலிருந்து அந்த இடம் வரை உயரமும் சேர்த்து எடுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுங்கள், ஒரு கால் மற்றதைவிடப் பருத்திருப்பது சகஜம்.

மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கணுக்கால். காரணம் இருக்கிறது. ஒரே இறுக்கத்தில் சுற்றிய துணி, ஒல்லியான இடத்தில் அதிகமாகவும் பருத்த இடத்தில் குறைவாகவும் அழுத்தும். சாக்ஸ் நெய்கிறவர்கள் கணுக்கால் இத்தனை சென்டிமீட்டர் என்று வைத்துத்தான் பெட்டி மேல் போட்ட அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். கணுக்கால் அளவு தவறினால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

ஒரு கேஸைச் சொல்கிறேன். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா, வயது நாற்பத்தைந்து இருக்கும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்தது. ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம், கூட்ட நேரத்தில் யார் உட்கார முடியும் என்றார். இடது காலில் சிரை புடைத்திருந்தது. மருத்துவர் 20 முதல் 30 வரை, முழங்கால் அளவு என்று எழுதிக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து சாயங்காலம் வந்தவர், “அண்ணே, லார்ஜ் இருந்தா குடுங்க, சீக்கிரம் போகணும்” என்றார்.

அப்போது எடுத்த இடது கால் அளவு: கணுக்கால் 24.5 செ.மீ., கெண்டைக்கால் 38.5. கையில் இருந்த பெட்டியின் அட்டவணையில் மீடியம் என்பது கணுக்கால் 21 முதல் 24, கெண்டைக்கால் 34 முதல் 39. லார்ஜ் என்பது கணுக்கால் 24 முதல் 27, கெண்டைக்கால் 38 முதல் 43. அவர் கேட்டபடி லார்ஜ் சரியாகவே பொருந்தியது. ஆனாலும் கொடுக்கவில்லை. “நாளைக்குக் காலைல எழுந்ததும் நீங்களே அளந்து எழுதிட்டு வாங்கக்கா, மாத்திக்கிற வேலை மிச்சம்” என்று டேப் பிடிக்கக் காட்டி அனுப்பினேன்.

காலையில் எடுத்த அளவு: இடது கணுக்கால் 22.5, கெண்டைக்கால் 37. வலது கணுக்கால் 21.5, கெண்டைக்கால் 36. நீளம் 39. இரண்டு காலுமே மீடியம். முந்தைய நாள் லார்ஜ் கொடுத்திருந்தால், காலையில் போடும்போது கணுக்காலில் தொளதொளவென்று இருந்திருக்கும். பாதி நாளில் கால் வீங்கித்தான் அது இறுகியிருக்கும். வீக்கத்தைத் தடுக்க வேண்டிய பொருள், வீங்குவதற்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கும். நீளத்துக்கு அந்தக் கம்பெனியில் 38க்குக் கீழே ஷார்ட், மேலே ரெகுலர். அவருக்கு ரெகுலர்.

இந்த எண்களை அப்படியே உங்களுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி மாறினால் அட்டவணையும் மாறும். ஒன்றில் மீடியம் போட்டவருக்கு இன்னொன்றில் லார்ஜ் வரலாம்.

கணுக்கால் ஒரு சைஸும் கெண்டைக்கால் இன்னொரு சைஸும் வந்தால்? உதாரணமாக கணுக்கால் 22, கெண்டைக்கால் 42. கடைக்காரர் லார்ஜ் எடுத்து நீட்டுவார், ஏனென்றால் அது ‘ஏறும்’. ஏறும்தான். ஆனால் கணுக்காலில் தளர்ந்து, கெண்டைக்காலில் இறுக்கி, அழுத்தம் தலைகீழாகிவிடும். பாதம் வீங்கத் தொடங்கும். இப்படிப்பட்ட காலுக்குக் கெண்டைப் பகுதி அகலமாக வரும் வகை சில கம்பெனிகளில் கிடைக்கும். இல்லையென்றால் அளவு கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களும் வேறு வேறு சைஸ் என்றால் ஒற்றையாகக் கிடைக்கும் வகையைக் கேளுங்கள். செருப்பு சைஸை மட்டும் வைத்து விற்கும் சாக்ஸ் இருக்கிறது. வெறும் பயணத்துக்கு அது பரவாயில்லை, வெரிகோஸுக்கு ஆகாது.

நீளமும் முனையும்

பெரும்பாலானவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் வகையே போதும். கெண்டைக்கால் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப். அதற்கு உதவினால் வேலை நடந்துவிடும். தொடையிலும் சிரை புடைத்திருந்தால் மருத்துவர் தொடை வரை எழுதுவார். அந்த வகை வழுக்காமல் இருக்க மேல்விளிம்பில் சிலிக்கான் பட்டை இருக்கும், வியர்வையில் அங்கே அரித்துத் தடிக்கும். அப்படி ஆனால் சிலிக்கான் இல்லாமல் இடுப்பில் பெல்ட்டோடு வரும் வகையைப் பார்க்கலாம்.

விரல் மூடியதா, திறந்ததா? நம்மூர்க்காரர்களுக்கு நான் திறந்ததைத்தான் சொல்வேன். செருப்பு போடலாம், காற்றோட்டம் இருக்கும், விரலின் நிறத்தைப் பார்த்து ரத்தம் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். மெட்டி போட்டிருக்கும் பெண்களுக்கும் மூடிய முனை தொல்லை. பாதத்தின் மேல்பக்கமும் விரல்களும் வீங்குகிறவர்கள் மட்டும் மூடியதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திறந்த முனையில் விரல்கள் பிதுங்கும்.

நான்காவது படி: துணி

‘நூறு சதவீதம் காட்டன் இருக்கா?’ என்று கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பருத்தி நூல் அந்த அளவுக்கு இழுபடாது. அழுத்தம் தருவது உள்ளே ஓடும் எலாஸ்டேன் நூல், நாம் ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று சொல்வது. அதன் மேல் நைலானையோ பருத்தியையோ சுற்றியிருப்பார்கள். காட்டன் வகை என்று விற்பது தோலைத் தொடும் பக்கத்தில் பருத்தி கலந்தது. தோல் சீக்கிரம் சிவக்கிறவர்களுக்கு அது மென்மை. ஆனால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், துவைத்தால் மெதுவாகக் காயும். சென்னை, தூத்துக்குடி மாதிரிப் புழுக்கமான ஊரில் வெளியே அலைகிறவருக்கு மெல்லிய நைலான் மைக்ரோஃபைபர்தான் தோது, ராத்திரி அலசினால் காலையில் காய்ந்திருக்கும். ஏ.சி. கடையில் நிற்கும் மேற்சொன்ன அக்காவுக்குக் காட்டன் கலந்ததே ஒத்துப்போனது.

பழைய வகைகளில் ரப்பர் நூல் இருக்கும். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிக்கிறவர்கள் பெட்டியில் லேட்டக்ஸ் இல்லை என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி போல் மெல்லியதாக இருப்பது பார்க்க அழகு, நன்றாக இழுபடும். ஆனால் வீக்கம் அதிகமுள்ள காலுக்குச் சற்று விறைப்பான, தடித்த நெசவுதான் பிடித்து நிறுத்தும். யானைக்கால் போன்ற நிணநீர் வீக்கத்துக்குக் கடையில் கிடைக்கும் தையலில்லாத வட்ட நெசவுச் சாக்ஸ் சரிவராது. பின்னால் தையலோடு தட்டையாக நெய்து, ஒவ்வொரு இடத்திலும் அளவெடுத்துச் செய்யும் வகை வேண்டும். அது இல்லாமல் மென்மையான சாக்ஸைப் போட்டால் சதை மடிப்புக்குள் துணி புகுந்து அறுக்கும்.

ஐந்தாவது படி: போட்டுப் பார்ப்பது

கொலுசு, மெட்டி, மோதிரம் கழற்றுங்கள், நகம் வெட்டுங்கள். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி கையில் நன்றாகப் பிடிபடும், நகமும் கிழிக்காது. சாக்ஸுக்குள் கையை விட்டு, குதிகால் பகுதியைப் பிடித்து அதுவரை உள்ளே வெளியாகப் புரட்டுங்கள். பாதத்தை நுழைத்து, குதிகால் பை சரியாகக் குதிகாலில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். மேல்விளிம்பைப் பிடித்து ஒரேயடியாக இழுத்தால் துணி முழுக்க மேலே போய்க் குவியும், அங்கே இறுக்கும். திறந்த முனை என்றால் பாதத்தில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொண்டு அதன் மேல் சாக்ஸை ஏற்றலாம், பிறகு விரல் பக்கமாகப் பையை உருவிவிடலாம். குனிய முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

நீளம் மிஞ்சினால் மேலே மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியது போல் ரத்தத்தை நிறுத்திவிடும். மிஞ்சுகிறது என்றால் நீளம் தவறு, ஷார்ட் வாங்க வேண்டும்.

போட்டு அரை மணி நேரம் நடந்துவிட்டுப் பாருங்கள். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் சிவக்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ, ஊசி குத்துவது போல் இருந்தாலோ உடனே கழற்றுங்கள். கணுக்காலின் முன்பக்கம் சுருக்கம் விழுந்தால் குதிகால் சரியாக உட்காரவில்லை, அல்லது சைஸ் பெரிது. மதியத்துக்குள் வழுக்கி இறங்கினாலும் பெரும்பாலும் சைஸ் பெரிதுதான். கழற்றியதும் மேல்விளிம்பு இருந்த இடத்தில் ஆழமான பள்ளம் விழுந்து, பத்து நிமிடத்திலும் மறையாவிட்டால் கெண்டைப் பகுதி சிறிது. நெசவின் லேசான தடம் இருப்பது பரவாயில்லை.

காலையில் எழுந்ததும், முடிந்தால் குளிப்பதற்கு முன்பே கூடப் போட்டுவிடலாம். குளித்துவிட்டுத்தான் என்றால் காலை நன்றாகத் துடைத்து, சிறிது நேரம் படுத்து உயர்த்தி வைத்துவிட்டுப் போடுங்கள். ஈரக் காலில் ஏறாது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு உடனே போட வேண்டாம், எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும். எண்ணெயோ களிம்போ ராத்திரி கழற்றிய பிறகு. தூங்கும்போது சாக்ஸ் தேவையில்லை, மருத்துவர் தனியாகச் சொன்னால் தவிர.

துவைப்பதும் மாற்றுவதும்

இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்றைத் துவைக்கும்போது மற்றதைப் போடலாம், இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும். தினமும் துவைக்க வேண்டும். வியர்வையும் தோல் எண்ணெயும் நூலை அரிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அலசினால் இழுபட்ட நூல் திரும்பச் சுருங்கி அழுத்தத்தை மீட்டுக்கொள்ளும். லேசான சோப்புத் தண்ணீரில், கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைவான நீரில் அலசினால் போதும். துவைக்கிற கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பிளீச்சிங், வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி எதுவும் ஆகாது. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். மொட்டைமாடி வெயில் எலாஸ்டேனுக்கு எமன்.

தினமும் போட்டால் ஏறக்குறைய ஆறு மாதம் வரும். பார்க்கப் புதிது போலவே இருக்கும், கிழிந்தால்தான் மாற்ற வேண்டும் என்று தோன்றும். ஆனால் முன்பு கையுறை போட்டு மூச்சுப் பிடித்து ஏற்றியது, இப்போது சாதாரணச் சாக்ஸ் போல் சுலபமாக ஏறுகிறது என்றால் அழுத்தம் போய்விட்டது. மாலையில் பழையபடி கணுக்கால் வீங்குவதும் அதே அறிகுறி.

புதிது வாங்கும்போது பழைய பெட்டியைக் காட்டி அதே சைஸைக் கேட்காமல், மறுபடி ஒரு நாள் காலையில் எழுந்ததும் இரண்டு கால்களையும் அளந்துவிட்டு வாருங்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டவருக்கு வீக்கம் வடிந்து கணுக்கால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கலாம். எடை கூடியிருந்தாலோ, சிரைக்குச் சிகிச்சை செய்திருந்தாலோ அளவோடு சேர்த்து அழுத்தத்தையும் மருத்துவரிடம் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும்.